புடவைக்கடை இருப்புக்குப் பார்கோட்டா, ஆர்.எப்.ஐ.டி.யா? யாழ்ப்பாணத்துக் கடை ஒன்றை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ச் 31 வந்தால் கணக்காண்டு முடிகிறது. யாழ்ப்பாண நகரத்துப் புடவைக்கடைகளில் அந்த வாரம் யாருக்கும் நல்ல தூக்கம் இராது. இருப்பெடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்கியலில் இதைத் ‘தொக்கு’ என்று படித்தோம். கடையில் அதன் பெயர் தலையிடி. நான் கடைகளுக்குச் சிட்டை போடும் மென்பொருள் பொருத்திக் கொடுக்கிறவன். போன வருடம் ஒரு கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, ஆர்.எப்.ஐ.டி. போட்டால் கடை முழுவதையும் அரை மணித்தியாலத்தில் எண்ணலாம் என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?” என்று கேட்டார். பாதி உண்மை என்றேன். மற்றப் பாதி என்ன என்பதை அவருடைய கடையிலேயே பரிசோதித்துப் பார்த்தோம். அந்தக் கடையின் பெயரை விட்டுவிட்டு, செய்த வேலையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

கடையில் ஏறக்குறைய 9,000 உருப்படிகள் இருந்தன. கீழ்த்தளத்தில் விற்பனை, மேல்மாடியில் களஞ்சியம். அவற்றில் 600 மட்டும் பட்டும் கூறைச் சேலைகளும். மீதி எல்லாம் வேட்டி, சட்டைத்துணி, சிறுவர் உடுப்பு, வீட்டில் கட்டும் சேலை.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு

பார்கோட்டை ஒளியால் வாசிக்கிறோம். கோடுகள் ஸ்கேனரின் கண்ணில் பட்டால்தான் இலக்கம் கிடைக்கும். ஒரு தடவைக்கு ஒரு லேபிள்தான். இன்றைய பொதுத்தரப் பார்கோட் கடையில் முதன்முதலாகப் பயன்பட்டது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துப் பல்பொருள் அங்காடி ஒன்றில். வாசிக்கப்பட்ட பொருள் ஒரு சூயிங்கம் பொதி. அரை நூற்றாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை.

ஆர்.எப்.ஐ.டி.யை வானொலி அலையால் வாசிக்கிறோம். சரக்கில் கட்டும் டேக்கினுள் ஒரு சின்ன மின்னணுச் சில்லும், மெல்லிய உலோகத் தகட்டில் வெட்டிய ஒரு அன்டெனாவும் இருக்கும். பட்டரி கிடையாது. வாசிப்பான் அனுப்பும் அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு, தன் இலக்கத்தைத் திருப்பி அனுப்பும். கடைகளில் இருப்பெடுக்கப் பயன்படுவது யு.எச்.எப். வகை. 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் வேலை செய்யும், சில மீற்றர் தூரத்திலிருந்தே வாசிக்கும், ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான டேக்குகளைக்கூடப் பிடித்துவிடும். மடிப்பைப் பிரிக்க வேண்டியதில்லை, அட்டைப்பெட்டியைத் திறக்க வேண்டியதும் இல்லை.

கொழும்பிலிருந்து வந்தவர்கள் சொன்ன பாதி உண்மை இதுதான்.

படி 1: முதலில் எவ்வளவு பிழை இருக்கிறது என்று பாருங்கள்

எந்தக் கருவியும் வாங்குவதற்கு முன் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். கணினியின் இருப்புப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு 100 வரிகளைத் தொடுங்கள். ஒவ்வொன்றையும் இறாக்கையில் தேடி, எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். பிறகு திசையை மாற்றுங்கள். இறாக்கையிலிருந்து 100 உருப்படிகளை எடுத்து, அவை பட்டியலில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டு திசையும் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் அவை இரண்டு வேறு நோய்களைக் காட்டுகின்றன. பட்டியலில் இருந்து இறாக்கையில் இல்லாவிட்டால் அது களவு, அல்லது சிட்டை போடாமல் கொடுத்தது, அல்லது இடம் மாறிக் கிடப்பது. இறாக்கையில் இருந்து பட்டியலில் இல்லாவிட்டால் சரக்கு வந்த அன்று பதியாமல் விட்டது. நாங்கள் பார்த்த கடையில் முதல் திசையில் 100க்கு 88 சரி, இரண்டாவது திசையில் 93 சரி. பிழையான 12 வரிகளில் 7 ஒரே வகைப் பிழை: பச்சைச் சேலையை விற்றுவிட்டு நீலச் சேலையின் இலக்கத்தில் சிட்டை போட்டிருந்தார்கள். பச்சையில் ஒன்று குறையும், நீலத்தில் ஒன்று கூடும், மொத்தம் சரியாகவே இருக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படும் முதலாளிக்கு இது கண்ணில் படவே படாது.

இந்தப் பிழைக்கு ஆர்.எப்.ஐ.டி. தேவையில்லை. இலக்கம் இடும் முறையை மாற்றினாலே போதும்.

படி 2: வகைக்கு இலக்கமா, உருப்படிக்கு இலக்கமா

பலசரக்குக் கடையில் பிஸ்கட் பொதியின் மேல் ஏற்கெனவே 13 இலக்கப் பார்கோட் இருக்கிறது. இலங்கையில் எடுத்த இலக்கம் 479 என்று தொடங்கும், இந்தியாவில் எடுத்தது 890. அந்த இலக்கம் வகைக்கு உரியது. ஒரே வகைப் பொதிகள் ஆயிரத்திலும் அதே இலக்கம்தான். பிஸ்கட்டுக்கு அது போதும்.

சேலைக்கு அது போதாது. ஒரே நெசவு, ஒரே விலை, ஆனால் நிறம் வேறு, கரை வேறு. அதனால் உருப்படி ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் கொடுத்தோம். 2 என்று தொடங்கும் இலக்கங்கள் கடைக்குள்ளேயே பயன்படுத்துவதற்கென உலகத் தரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டவை. அவற்றை எடுத்துக்கொண்டால் வெளிச்சரக்கின் இலக்கத்தோடு முட்டாது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அதைக் கணக்கிடுவது இப்படி:

```
200000104712?
ஒற்றை இடங்கள்:   2+0+0+1+4+1 = 8
இரட்டை இடங்கள்: (0+0+0+0+7+2) x 3 = 27
8 + 27 = 35,  அடுத்த பத்து 40,  40 - 35 = 5
முழு இலக்கம்: 2000001047125
```

லேபிள் கிழிந்து கையால் தட்டச்சுச் செய்யும்போது ஓர் இலக்கம் பிசகினால் கணினி மறுத்துவிடும். ஸ்கேனர் தவறாக வாசிப்பது மிக அரிதாக இருப்பதற்கும் இந்தச் சரிபார்ப்பு ஒரு காரணம்.

உருப்படிக்குத் தனி இலக்கம் என்பது ஆர்.எப்.ஐ.டி.யின் தனிச் சிறப்பு என்று விற்பவர்கள் சொல்வார்கள். அப்படி இல்லை. மூன்று ரூபாய் லேபிளிலும் அது முடியும். இதைச் செய்த பிறகு ஒரே இலக்கத்தை இரண்டு முறை விற்க மென்பொருள் விடாது, நிறம் மாறிய சிட்டையும் நின்றுவிட்டது.

படி 3: லேபிள் நிலைக்க வேண்டும்

பார்கோட் தோற்பது பெரும்பாலும் லேபிளில்தான். மலிவான வெப்பத்தாளில் அச்சிட்டால் ரிப்பன் செலவு இல்லை. ஆனால் அந்தத் தாள் வெயிலையும் பிளாஸ்டிக்கையும் தாங்காது. கண்ணாடிப் பெட்டியில் வெயில் படும் பக்கம் வைத்த சட்டைகளின் லேபிள்கள் சில மாதங்களில் மங்கிவிட்டன. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த சேலைகளிலும் அப்படித்தான். உறையை மென்மையாக்கும் இரசாயனம் வெப்பத்தாளின் கறுப்பை அழித்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் கடையில் இருக்கக்கூடிய சரக்குக்கு ரிப்பன் அச்சுதான் சரி. சாதாரண தாளுக்கு மெழுகு ரிப்பன் போதும்.

இன்னொன்று, கோடுகளின் இரு பக்கமும் வெற்றிடம் வேண்டும். அழகுக்காகக் கடைப்பெயரைக் கோடுகளோடு ஒட்டி அச்சிட்டால் ஸ்கேனர் தொடக்கம் எது, முடிவு எது என்று தெரியாமல் திணறும். ஒரு லேபிளை மூன்று தடவைக்கு மேல் ஸ்கேன் செய்ய வேண்டி வந்தால் வேலையாள் பொறுமையிழந்து, பக்கத்தில் இருக்கும் வேறு லேபிளை ஸ்கேன் செய்துவிடுவார். அங்கேதான் பிழை பிறக்கிறது.

படி 4: பார்கோட்டால் எண்ணும் முறை

இருவர் ஒரு சோடி. ஒருவர் எடுத்து லேபிளைக் காட்ட, மற்றவர் ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். மடித்த சேலையில் லேபிளைத் தேடி வெளியே எடுத்து மீண்டும் அடுக்குவதற்கு 9 செக்கன் அளவு பிடிக்கிறது. மணித்தியாலத்துக்கு 400. எனவே 9,000 உருப்படிக்கு ஒரு சோடிக்கு 22½ மணித்தியாலம், மூன்று சோடிக்கு 7½ மணித்தியாலம். ஒரு முழு நாள்.

இரண்டு விதிகளை மட்டும் இறுக்கமாக வைத்தோம். ஸ்கேனர் திரையில் எண்ணிக்கை தட்டும் வசதியை எடுத்துவிட்டோம். இல்லாவிட்டால் ஒன்றை ஸ்கேன் செய்து ‘5’ என்று தட்டுவார்கள். அந்த ஐந்தில் ஒன்று வேறு நிறமாக இருக்கும். அடுத்தது, எண்ணி முடித்த தட்டில் ஒரு நிறத்தாள் ஒட்ட வேண்டும். பார்கோட் எண்ணுகையில் வரும் தவறுகளில் பெரும்பகுதி ஒரு தட்டை முழுதாக விட்டுவிடுவதும், இரண்டு முறை எண்ணுவதும். தனி இலக்கம் இருந்தால் இரட்டை எண்ணிக்கையைக் கணினி பிடித்துவிடும். விட்ட தட்டை அது பிடிக்காது.

வருடத்தில் ஒரு நாள் கடையைப் பூட்டாமல், கிழமைக்கு ஒரு இறாக்கை வரிசை என்று எண்ணி வருவது நல்லது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், தீபாவளிக்கு முந்திய இரண்டு கிழமையும் தவிர. அப்போது எண்ணுகிறவனுக்கும் நேரமில்லை, எண்ணிய சரக்கும் இடத்தில் நிற்காது.

படி 5: ஆர்.எப்.ஐ.டி.யை உங்கள் கடையில் சோதியுங்கள்

விற்பனையாளர் காட்டும் காட்சி எப்போதும் மேசை மேல் பரப்பிய பத்து டேக்குகள்தான். அதில் நூற்றுக்கு நூறு வரும். ஒரு நாள் வாடகைக்கு ஒரு கைவாசிப்பானும் 50 டேக்கும் கேளுங்கள். கொடுக்க மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

அந்த 50 டேக்குகளையும் உண்மையான சரக்கில் கட்டி, மேல்மாடிக் களஞ்சியத்தில் அவை வழமையாக இருக்கும் இடத்திலேயே வைத்தோம். எந்தச் சேலை எங்கே என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டோம். அப்போதுதான் கிடைக்காதது எதனால் கிடைக்கவில்லை என்று தெரியும். கடைப் பையன் வாசிப்பானைப் பிடித்துக்கொண்டு இறாக்கைகளின் ஓரமாக மெதுவாக நடந்தான். திரையில் இலக்கம் ஏறியது: 20, 38, 45, 51, 58. முதலாளி என்னைப் பார்த்தார். கட்டியது 50, கிடைத்தது 58.

பட்டியலைத் திறந்து பார்த்தால் உண்மையில் எங்களுடையவை 46தான். மற்ற 12 வேறு யாருடையவோ. அவை ஒரு மூலையில் கிடந்த ஜீன்ஸ் கட்டிலிருந்து வந்தன. வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தைக்கும் உடுப்புகளில் தொழிற்சாலையிலேயே டேக் வைத்துவிடுவது இப்போது வழக்கம். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்காகக் கடைக்கு வரும்போது டேக்கும் கூடவே வருகிறது, விலையட்டையின் இரு தாள்களுக்கு நடுவில், கண்ணுக்குத் தெரியாமல்.

இதற்குப் பரிகாரம் எளிது. டேக்கினுள் எழுதும் இலக்கத்துக்கு நமக்கென ஒரு தொடக்கத்தை வைத்து, அதில் தொடங்காத எதையும் தள்ளிவிடும்படி வாசிப்பானுக்குச் சொல்ல வேண்டும்.

```
A7F0 0000 0000 0000 0001 0471    நம்முடையது, எண்ணு
30.. .... .... .... .... ....    வெளியாருடையது, தள்ளு
```

உலகத் தரப்படி உருப்படிக்கு எழுதும் 96 பிட் இலக்கம் இந்தத் திரையில் 30 என்று தொடங்கும். வெளிநாட்டு உடுப்புகளில் வருவது பெரும்பாலும் அதுதான்.

இனி, வராமல் போன நான்கு. கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தேடினோம்.

ஒன்று இரும்பு அலுமாரிக்குள், கதவு மூடியபடி. உலோகப் பெட்டிக்குள் அலை நுழையாது. வாசிப்பானின் விலை எவ்வளவாக இருந்தாலும் இதற்கு வழியில்லை, கதவைத் திறந்துதான் வாசிக்க வேண்டும்.

இரண்டாவது ஒரு கூறைச் சேலை. டேக்கை முந்தானை மடிப்புக்குள் செருகியிருந்தார்கள். முந்தானை முழுவதும் சரிகை. சரிகையில் இருப்பது உலோகம், அல்லது உலோகம் பூசிய இழை. அது டேக்கைச் சுற்றி ஒரு திரைபோல் நின்றுவிட்டது. டேக்கை வெளியே தொங்கவிட்டு, கரையிலிருந்து மூன்று விரல் விலக்கினோம். உடனே வந்தது. மேல்நாட்டு வழிகாட்டிகளில் இதைப் பெரும்பாலும் காணமுடியாது, அங்கே சரிகைச் சேலை விற்கும் கடைகள் குறைவு.

மூன்றாவதும் நான்காவதும் ஒரே அடுக்கில் இருந்தன. ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து அடுக்கியபோது இரண்டு டேக்குகளும் சரியாக ஒன்றன் மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. அப்படி ஒட்டினால் இரண்டு அன்டெனாக்களும் ஒன்றையொன்று கெடுக்கும். இடம் மாற்றிக் கட்டினால் போதும்: ஒரு சேலைக்கு இடது மூலை, அடுத்ததற்கு வலது மூலை.

இவற்றைத் திருத்தி, அலுமாரிக் கதவைத் திறந்துவைத்து மூன்று தடவை நடந்தோம். 50, 49, 50. ஒரு தடவை நடந்து வந்த எண்ணை நம்பக்கூடாது என்பதற்கு அந்த 49 சாட்சி. இரண்டு தடவை நடந்து, இரண்டிலும் கிடைத்தவற்றைச் சேர்த்துக்கொள்வதே முறை. இப்படி நடந்தாலும் 9,000 உருப்படிக் கடையை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடலாம்.

துல்லியத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பார்கோட்டில் பிழை எண்ணுகிறவரின் அலுப்பிலிருந்து வருகிறது. பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு கூடும், ஆளை மாற்றினால் குறையும். ஆர்.எப்.ஐ.டி.யில் பிழை சரக்கு இருக்கும் இடத்திலிருந்தும் அது எதனால் ஆனது என்பதிலிருந்தும் வருகிறது. ஆளை மாற்றிப் பயனில்லை. ஆனால் ஒருமுறை காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டால் அது மறுபடி வராது.

படி 6: காசாளர் மேசையும் பக்கத்துக் கடையும்

வானொலி அலைக்குப் பலகைச் சுவர் ஒரு தடையே அல்ல, பக்கத்துக் கடைச் சரக்கின் டேக்கும் வாசிப்பில் வந்துவிடலாம். காசாளர் மேசையில் வாசிப்பானை முழுச் சக்தியில் வைத்தால் பின்னால் தொங்கும் பத்துச் சேலைகளும் சிட்டையில் ஏறிவிடும். அங்கே சக்தியை மிகக் குறைத்து, மேசை மேல் வைத்ததை மட்டும் வாசிக்கும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் அனுபவத்தில் காசாளர் மேசைக்குப் பார்கோட்தான் நிம்மதி. வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது, எது ஏறியது என்று காசாளருக்கு ஐயமே இருக்கக்கூடாது. அதனால் டேக்கின் வெளிப்புறத்தில் பார்கோட்டையும் ஒட்டிக்கொண்டோம். விற்பனை பார்கோட்டால், எண்ணுவது அலையால்.

டேக்கைத் திரும்பப் பயன்படுத்தலாம். விற்றதும் கத்தரித்து எடுத்து ஒரு பெட்டியில் போட்டு, அடுத்த சேலைக்குக் கட்டலாம். ஆனால் கணினியில் பழைய சேலையோடு உள்ள தொடர்பை அறுத்த பிறகுதான் அந்தப் பெட்டிக்குள் போட வேண்டும். அறுக்காமல் விட்டால் விற்றுப்போன சேலை ‘இருக்கிறது’ என்று பட்டியலில் உயிரோடு நிற்கும். பெட்டியையும் இருப்பெடுக்கும் தளத்திலிருந்து தள்ளி, மூடியுள்ள ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் வைத்தோம். இரும்பு மறைக்கும் என்ற குறை இங்கே உதவியாகிவிட்டது.

இறக்குமதிக் கருவி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாசிப்பான் ஒரு வானொலிக் கருவி. ஐரோப்பாவுக்குச் செய்தது 865 – 868 மெகாஹெர்ட்ஸிலும், அமெரிக்காவுக்குச் செய்தது 902 – 928இலும் பேசும். இலங்கையில் எது அனுமதி என்பதை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுதான் தீர்மானிக்கிறது. வெளிநாட்டிலிருந்து உறவினர் பயணப்பையில் கொண்டுவந்த கருவியை வைத்துத் தொடங்காதீர்கள். அனுமதிப் பத்திரத்தை விற்பனையாளரிடமே கேட்டு வாங்குங்கள்.

படி 7: கணக்கு

கீழே உள்ளவை நாங்கள் விலை கேட்டு, முழு எண்ணாக்கி எடுத்துக்கொண்ட தொகைகள். டொலரோடு ஏறி இறங்கும். உங்கள் விலைகளைப் போட்டுப் பாருங்கள், வழி மாறாது.

பார்கோட்: ரிப்பன் அச்சுப்பொறி 60,000 ரூபாய், ஸ்கேனர் மூன்று 30,000 ரூபாய். இப்போதுள்ள 9,000 உருப்படிக்கும் வருடத்தில் வரும் 15,000 உருப்படிக்கும் லேபிள், ஒன்றுக்கு 3 ரூபாய்ப்படி 72,000 ரூபாய். முதல் வருடத்துக்கு மொத்தம் 1,62,000 ரூபாய்.

ஆர்.எப்.ஐ.டி., முழுக்கடைக்கும்: சாதாரண கைவாசிப்பான் 2,50,000 ரூபாய். பெயர்பெற்ற நிறுவனத்துடையது இதன் இரு மடங்கைத் தாண்டும். மேசை வாசிப்பான் 40,000 ரூபாய். மென்பொருளில் மாற்றம் 2,00,000 ரூபாய். டேக்கைத் திரும்பப் பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டு 11,000 டேக், சிறு தொகையாக வாங்கும்போது ஒன்று 30 ரூபாய்ப்படி 3,30,000 ரூபாய். மொத்தம் 8,20,000 ரூபாய். பார்கோட் லேபிள் செலவு இதற்கு மேல். விற்பனைக்கு அதுவும் வேண்டுமே.

இதனால் மிச்சப்படுவது என்ன? ஆறு பேரின் ஒரு நாள் வேலை. நாட்கூலி 2,000 ரூபாய் என்றால் ஒரு இருப்பெடுப்புக்கு 12,000 ரூபாய். மாதந்தோறும் எண்ணினாலும் வருடத்துக்கு 1,44,000 ரூபாய். வருடத்துக்கு ஒருமுறை எண்ணுகிற கடைக்கு இந்தக் கருவியின் காசு ஒருநாளும் திரும்பி வராது. விரைவாக எண்ணலாம் என்ற ஒரு காரணத்துக்காக வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

கூலியை விட்டுவிட்டுச் சரக்கின் விலையைப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. 450 ரூபாய்ச் சிறுவர் சட்டைக்கு 30 ரூபாய் டேக் என்றால் விலையில் பதினைந்தில் ஒரு பங்கு போய்விடும். டேக் ஒன்று தொலைந்தால் அந்தச் சட்டையின் இலாபத்தையே கரைக்கும். 35,000 ரூபாய்க் கூறைச் சேலைக்கு அதே டேக் விலையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 600 சேலையின் சராசரி அதுவென்றால் அந்த ஒரு மூலையில் மட்டும் 2 கோடியே 10 இலட்சம் ரூபாய் இருக்கிறது.

அதனால் பட்டுப் பகுதிக்கு மட்டும் கணக்கிட்டோம். கைவாசிப்பான் 2,50,000, மேசை வாசிப்பான் 40,000, பட்டியலை ஒப்பிட்டுக் காட்டும் சிறு மென்பொருள் 60,000, டேக் 800க்கு 24,000. மொத்தம் 3,74,000 ரூபாய். வருடத்தில் மூன்று சேலை காணாமல் போகிற கடை என்றால் 1,05,000 ரூபாய் இழப்பு, மூன்றரை வருடத்தில் காசு திரும்பும். ஒன்றுதான் போகிறது என்றால் பத்து வருடத்துக்கு மேல் ஆகும், அதற்கு முன் கருவியின் பட்டரியே செத்துவிடும். முதல் படியில் எண்ணிப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். இந்தக் கடையில் முந்திய வருடம் பட்டுப் பகுதியில் கணக்கில் வராதவை நான்கு.

மற்றக் கடைகளுக்கு

கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளுக்கு ஆர்.எப்.ஐ.டி. இன்னும் பொருத்தம். காலையில் திறக்கும்போதும் இரவில் பூட்டும்போதும் தட்டுத் தட்டாக எண்ணுகிற வழக்கம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. தங்கமும் உலோகம்தான். அதனால் நீண்ட வால் உள்ள டேக்கை வாங்கி, சில்லும் அன்டெனாவும் உள்ள பகுதி நகையில் முட்டாமல் தள்ளித் தொங்கவிட வேண்டும்.

வன்பொருள் கடை, பலசரக்குக் கடை, மருந்துக்கடை மூன்றுக்கும் பார்கோட்தான். ஆணியும் பெயின்ற் ரின்னும் அலையைத் திருப்பியடிக்கும். சோடாப் போத்தல்களில் உள்ள நீர் அலையைக் குடித்துவிடும். உலோகத்தின் மேல் ஒட்டும் சிறப்பு டேக்குகள் இருக்கின்றன, ஆனால் அவை ஒவ்வொன்றும் சாதாரண டேக்கைவிடப் பல மடங்கு விலை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிஸ்கட்டிலும் பனடோலிலும் தொழிற்சாலையே பார்கோட்டை இலவசமாக அச்சிட்டு அனுப்புகிறது. மருந்துக்கடையில் தேவைப்படுவது எண்ணிக்கையைவிடத் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும். அவற்றைச் சரக்கு வந்த அன்றே பதிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 8: ஓடத் தொடங்கிய பிறகு

அந்தக் கடையில் இப்போது 9,000 உருப்படிக்கும் தனி இலக்கப் பார்கோட் இருக்கிறது, கிழமைக்கு ஒரு வரிசை எண்ணுகிறார்கள். பட்டுப் பகுதிக்கு மட்டும் டேக். ஒவ்வொரு நாளும் கடை பூட்டும்போது வாசிப்பானோடு இரண்டு தடவை நடப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

முதல் மாதத்தில் ஒருநாள் இரவு 598 இருக்க வேண்டிய இடத்தில் 597 வந்தது. மீண்டும் நடந்தோம், 597. இப்படி வந்தால் உடனே களவு என்று குரலை உயர்த்தக்கூடாது. முதலில் அலுமாரிக் கதவுகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து, வாசிப்பானில் காணாத இலக்கத்தை மட்டும் தேடும் வசதி இருக்கும். டேக் கிட்ட வர வர ஒலி விரைவாகும். அதைத் தெரிவுசெய்து கடையைச் சுற்றி வந்தோம். கீழ்த்தளத்தில் சத்தமே இல்லை. மேல்மாடியிலும் இல்லை. படிக்கட்டின் கீழே, தையற்காரர் இருக்கும் சிறு அறையின் வாசலில் ‘டிக்… டிக்’ என்றது. வாடிக்கையாளர் ஒருவருக்காக ஓரம் அடிக்கக் கொடுத்த ஊதாக் கூறைச் சேலை, பழைய துணிப்பைக்குள் இருந்தது. முற்பணம் வாங்கியிருந்தார்கள், சிட்டை போடவில்லை.

மறுநாள் மென்பொருளில் ‘தையலில்’ என்று ஓர் இடத்தைச் சேர்த்துக் கொடுத்தேன்.